ஸ்டாக் எங்கே?

மொத்தமே நாலு வார்த்தை.

"ஸ்டாக் எங்கே? உடனே அனுப்புங்க."

இவ்வளவுதான் சார் நான் அனுப்பினது! மறுநாள் காலை ஒன்பது மணிக்கு முதலாளியின் மேஜை மேல் ஒரு சாவிக்கொத்து கிடந்தது. பக்கத்தில் எங்கள் குடோன் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "இருபத்திரண்டு வருஷமா இந்தச் சாவி என் இடுப்புல இருந்துது. ஸ்டாக் எங்கேன்னு இனிமே வேற ஆளைக் கேளுங்க" என்றார். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அடியேன் பி.காம். பத்திரிகைகளுக்கு எழுதுவது பாதி வயிற்றுக்கு. மீதி வயிற்றுக்கு தஞ்சாவூரை ஒட்டி இருக்கும் ஒரு ரைஸ் மில்லில் வாரத்துக்கு மூன்று நாள் கணக்கு எழுதுகிறேன். மில் நடப்பது பேங்க்கின் கேஷ் கிரெடிட்டில். மாதாமாதம் பத்தாம் தேதிக்குள் போன மாதக் கடைசி இருப்பை எழுதி பேங்க்கில் கொடுக்க வேண்டும். அதற்குப் பெயர் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்.

அந்தக் காகிதத்தின் மகிமை தெரியாதவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. குடோனில் 60 லட்ச ரூபாய்க்குச் சரக்கு இருக்கிறது. அதில் 12 லட்ச ரூபாய்ச் சரக்குக்கு இன்னும் பணம் கொடுக்கவில்லை. கழித்தால் 48 லட்சம். அதில் பேங்க் கால் பங்கை மார்ஜின் என்று பிடித்துக்கொண்டால் மிச்சம் 36 லட்சம். அந்த மாதம் நாம் எடுக்கக்கூடிய பணம் அவ்வளவுதான். ஸ்டேட்மென்ட் போகவில்லை என்றால் இந்தக் கணக்கே போட முடியாது. மூன்று மாதத்துக்கு மேல் பழசான ஸ்டேட்மென்ட்டை வைத்து நிற்கும் பாக்கியை ஒழுங்கில்லாத பாக்கியாகவே கருத வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆகவே பிப்ரவரி 7-ஆம் தேதி ராத்திரி எனக்கு வயிற்றைக் கலக்கியது நியாயமே.

கலக்கியதும் என்ன செய்தேன்? போனை எடுத்தேன். மில்லின் வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்தேன். முதலாளி, மேனேஜர், டிரைவர்கள், மெஷின்மேன் என்று பதினான்கு பேர் இருக்கிற குரூப். அதில் மேற்படி நாலு வார்த்தையைத் தட்டிவிட்டு, கடமை முடிந்த திருப்தியில் படுத்துத் தூங்கிவிட்டேன்.

நான் கேட்டது ஸ்டாக் ஸ்டேட்மென்ட். சோம்பேறித்தனத்தில் 'ஸ்டேட்மென்ட்' என்ற வார்த்தையை விட்டுவிட்டேன். மிஞ்சியது "ஸ்டாக் எங்கே?" குடோன் சாவி வைத்திருப்பவரைப் பார்த்து, பதினான்கு பேர் முன்னால், "ஸ்டாக் எங்கே?" என்று கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. வீட்டு நகை காணாமல் போன அன்று வேலைக்கார அம்மாவிடம் "செயின் எங்கே?" என்று கேட்கிற அதே அர்த்தம்!

குடோன் அண்ணனுக்கு இது ஏன் அவ்வளவு சுட்டது என்பது சாயந்தரம் நான் அவரைத் தேடிக்கொண்டு அவர் வீட்டுத் திண்ணைக்குப் போனபோதுதான் புரிந்தது.

"தம்பி, சம்பா நெல்லு வரும்போது ஈரம் எவ்வளவு இருக்கும்?" என்றார்.

"பதினேழு பர்சென்ட்..."

"காஞ்சா?"

"பதினாலு."

"அப்ப நூறு கிலோ எத்தனை கிலோ ஆகும்? நீதான் கணக்குப்பிள்ளையாச்சே, போடு."

போட்டேன். நூறு கிலோவில் பதினேழு கிலோ தண்ணீர் என்றால் மீதி எண்பத்து மூன்று கிலோ சரக்கு. காய்ந்தபிறகு அந்த எண்பத்து மூன்று, மொத்தத்தில் நூற்றுக்கு எண்பத்தாறு பங்காக இருக்கும். அப்படியானால் மொத்தம் 96.5 கிலோ. மூன்றரைக் கிலோ காணோம்! ஆயிரம் குவிண்டாலுக்கு முப்பத்தைந்து குவிண்டால். யாரும் தொடவில்லை, எலியும் தின்னவில்லை. சூரியன் குடித்துவிட்டது.

"வருஷா வருஷம் அந்த மூணரைக் கிலோவுக்குத்தான் தம்பி நான் பதில் சொல்லிக்கிட்டிருக்கேன். இந்தக் கேள்வியை ராத்திரி பத்து மணிக்கு, டிரைவர் பசங்க பார்க்க, நீ கேட்டுட்டே" என்றார்.

எனக்குத் திண்ணையிலேயே தலை குனிந்துவிட்டது.

*

ஆபீசில் வேலை பார்க்கும் நண்பர்களே, இது என் ஒருவனுடைய கதை இல்லை. நாம் எல்லோரும் தந்தி அடிக்கிறோம். அந்தக் காலத் தந்திக்காவது ஒரு சாக்கு இருந்தது. வார்த்தைக்கு வார்த்தை காசு, அதனால் சுருக்கினார்கள். தந்தியே 2013 ஜூலையில் மூடு விழா கண்டுவிட்டது. இப்போது எழுத்துக்குக் காசு இல்லை. ஆனாலும் நம் விரல் சிக்கனத்தை விடவில்லை.

எழுதும்போது நம் காதில் நம் குரல் கேட்டுக்கொண்டிருக்கிறது. அதுதான் வில்லங்கம். "உடனே அனுப்புங்க" என்று நான் தட்டியபோது என் மனசுக்குள் அது கெஞ்சலாகத்தான் ஒலித்தது. படித்தவர் காதில் அதட்டலாக விழுந்தது. இதை அமெரிக்காவில் ஜஸ்டின் க்ரூகர், நிகோலஸ் எப்லி என்ற ஆராய்ச்சியாளர்கள் தங்கள் கூட்டாளிகளோடு சோதித்துப் பார்த்து 2005-ல் எழுதினார்கள். கிண்டலாக ஒரு வரி, நிஜமாக ஒரு வரி என்று ஈ-மெயிலில் எழுதச் சொன்னார்கள். எதிராளி நூற்றுக்கு 78 தடவை சரியாகப் புரிந்துகொள்வார் என்று எழுதியவர்கள் நம்பினார்கள். நடந்தது 56. பூவா தலையா போட்டாலே ஐம்பது வந்துவிடும்! அதே வரிகளைக் குரலில் சொன்னபோது 73 வந்தது. அதாவது போனில் பேசியிருந்தால் தப்பித்திருப்பேன்.

இன்னொரு சமாசாரம். மரியாதையாகக் கேட்பது எப்படி என்று உலகம் முழுக்க மேற்கோள் காட்டும் ஒரு ஆராய்ச்சி இருக்கிறது. பெனலபி பிரௌன், ஸ்டீபன் லெவின்சன் என்ற இருவர் எழுதியது. முதலில் 1978-ல் வந்து, 1987-ல் தனிப் புத்தகமானது. அதற்கு ஆதாரமான மூன்று மொழிகளில் ஒன்று எது தெரியுமோ? நம்ம தமிழ்! லெவின்சன் கோயம்புத்தூர் ஜில்லாவில் ஒரு கிராமத்தில் தங்கி, ஜனங்கள் ஒருவரை ஒருவர் எப்படிக் கேட்கிறார்கள், கூப்பிடுகிறார்கள் என்று குறிப்பெடுத்தவர்.

அவர்கள் சொல்வதன் சாரம் இது. ஒருவரிடம் ஒன்றைக் கேட்கும்போது எவ்வளவு பதமாகக் கேட்க வேண்டும் என்பதை மூன்று விஷயம் தீர்மானிக்கிறது. அவருக்கும் உங்களுக்கும் பழக்கம் எவ்வளவு, அவர் உங்களுக்கு மேலா கீழா, நீங்கள் கேட்பது அவருக்கு எவ்வளவு பெரிய சுமை. இந்த மூன்றையும் கூட்டினால் வருகிற எடைக்குத் தகுந்த பதம் வேண்டும்.

இதைக் கண்டுபிடிக்க நம்மூர் விவசாயிக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. எங்கள் அப்பா கடைமடைக்காரர். வாய்க்காலில் தண்ணீர் மேல்மடை வயல்களைத் தாண்டித்தான் எங்கள் வயலுக்கு வர வேண்டும். மேல்மடைக்காரரிடம் போய் "தண்ணி எங்கே? உடனே விடுங்க" என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. வரப்பில் உட்கார்ந்து, "நாத்து நல்லா பச்சை கட்டியிருக்கே!" என்பார். ஒரு வெற்றிலை மடிப்பார். எழுந்திருக்கும்போது, "நம்ம பக்கம்தான் கொஞ்சம் வெடிப்பு விட்டுருக்கு..." என்று இழுப்பார். ராத்திரி தண்ணீர் வந்துவிடும். அவர் பெற்ற பிள்ளை நான், வாட்ஸ்அப்பில் வெடித்தேன்!

*

சரி, அந்த நாலு வார்த்தையை எப்படிச் சீர்திருத்துவது? திண்ணையிலிருந்து வந்த ராத்திரி உட்கார்ந்து, ஒவ்வொன்றாக உரித்துப் பார்த்தேன்.

முதல் தப்பு, இடம். குரூப்பில் கேட்டது. ஒருவரிடம் மட்டும் வேண்டியதை அவரிடம் மட்டும் கேட்க வேண்டும். பத்துப் பேர் பார்க்கக் கேட்டால், கேட்டது போக சாட்சியும் வைத்தது போல ஆகிவிடுகிறது.

இரண்டாவது, 'எங்கே?' இந்தச் சொல் வேண்டுகோள் இல்லை, விசாரணை. நீ கொடுத்திருக்க வேண்டும், கொடுக்கவில்லை என்ற குற்றச்சாட்டு அதற்குள் ஒளிந்திருக்கிறது. 'ஏன் இன்னும் வரல?' என்பதும் இதே ஜாதிதான். 'எங்கே'யை எடுத்துவிட்டு 'இது வேணும்' என்று போட்டால் பாதி விஷம் இறங்கிவிடும்.

மூன்றாவது, என்ன வேண்டும் என்பதே அதில் இல்லை. எந்தத் தேதி இருப்பு? நெல் மட்டுமா, அரிசி, தவிடு, குருணையுமா? மூட்டைக் கணக்கா, எடையா? இது தெரியாமல் அவர் ஆள்களை அட்டி மேல் ஏற்றி எண்ண வைத்து, கடைசியில் நான் "எனக்கு எடை வேணும்" என்றால் எரிச்சல் வருமா வராதா? தெளிவாகக் கேட்பதும் மரியாதைதான். எதிராளியின் நேரத்துக்குக் கொடுக்கும் மரியாதை.

நான்காவது, 'உடனே'. உடனே என்றால் எப்போது? ராத்திரி பத்து மணிக்கா? இதைக் கழித்துவிட்டு ஒரு நாளும் ஒரு மணியும் போட வேண்டும். அதற்கு ஒரு காரணமும் வேண்டும். காரணம் இல்லாத அவசரம் அதிகாரமாகப் படும். காரணம் சொன்னால் அவரும் நம்மோடு அந்த அவசரத்தில் கூட்டாளியாகிவிடுவார்.

ஐந்தாவது, வினைச்சொல்லின் வால். இங்கேதான் தமிழின் விளையாட்டே இருக்கிறது. 'அனுப்பு' கட்டளை. 'அனுப்புங்க' மரியாதையான கட்டளை. 'அனுப்பவும்' என்பது நோட்டீஸ் போர்டு. 'செருப்பை வெளியே விடவும்' என்பதற்குச் சித்தப்பா பிள்ளை. 'அனுப்புங்களேன்' கொஞ்சம் உரிமை கலந்த வேண்டுதல். 'அனுப்பித் தர முடியுமா?' நிஜமான கேள்வி. இல்லை என்று சொல்ல எதிராளிக்கு இடம் விடுகிறது. ஆனால் ஜாக்கிரதை! 'அனுப்ப முடியுமா, முடியாதா?' என்று ஒரு வார்த்தை கூடினால் சண்டைக்கு அழைப்பு.

பலர் இந்த இடத்தில் 'தயவுசெய்து' போட்டால் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். ஆகாது. பேச்சில் நாம் எப்போது 'தயவு செஞ்சு' என்கிறோம் என்று யோசியுங்கள். "தயவு செஞ்சு கொஞ்ச நேரம் சும்மா இருக்கியா?" பொறுமையின் கடைசிப் படியில் நின்றுகொண்டு சொல்கிற வார்த்தை அது! "தயவுசெய்து ஸ்டாக் எங்கே?" என்று நான் எழுதியிருந்தால் சாவிக்கொத்து ராத்திரியே வந்திருக்கும். அந்த வேலையை 'கொஞ்சம்' என்ற சின்னச் சொல் அழகாகச் செய்யும். "கொஞ்சம் அனுப்பித் தர முடியுமாண்ணே?" இதில் 'கொஞ்சம்' அளவு இல்லை, பணிவு.

ஆறாவதாக, சுமையைக் குறைப்பது. குடோன் அண்ணனுக்கு போனில் டைப் அடிப்பது என்றால் நூறு மூட்டை தூக்குவதைவிடக் கஷ்டம். அவர் கையால் எழுதிய ஸ்டாக் ரிஜிஸ்டர் இருக்கிறது. அந்தப் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்துப் போடச் சொன்னால் அரை நிமிஷ வேலை. டைப் அடிப்பது என் வேலை. கேட்பவன் தன் பங்குக்கு ஒரு பாரத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டால் கேட்பது எளிது.

எல்லாவற்றையும் சேர்த்து இப்படி எழுதினேன்:

"வணக்கம் அண்ணே. பேங்க்ல கொடுக்க ஜனவரி 31 சாயந்தர இருப்பு வேணும். நெல், அரிசி, தவிடு, குருணை நாலுக்கும் மூட்டைக் கணக்கு கொஞ்சம் அனுப்பித் தர முடியுமா? 9-ஆம் தேதி மதியம் 3 மணிக்குள்ள கிடைச்சா 10-ஆம் தேதி நான் கொடுத்துடுவேன். லோடு வர்ற நேரம்னு தெரியும். டைப் பண்ண வேணாம், ரிஜிஸ்டர் பக்கத்தை போட்டோ எடுத்துப் போட்டாலே போதும். அந்த நேரம் தோதுப்படலைன்னா எப்ப முடியும்னு ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே."

கவனியுங்கள், வேண்டியது என்ன என்பது இரண்டாவது, மூன்றாவது வரியிலேயே வந்துவிட்டது. இது முக்கியம். என் நண்பன் ஒருவன் நேர் எதிர்த் தப்பு செய்வான். "சார்..." என்று ஒரு மெசேஜ். பத்து நிமிஷம் கழித்து "இருக்கீங்களா?" இன்னும் பத்து நிமிஷம் கழித்து "ஒரு விஷயம்..." படிக்கிறவருக்குள் அதற்குள் யாரோ இறந்துவிட்டார்கள்! கடைசியில் பார்த்தால் லீவ் லெட்டர் பாரம் எங்கே இருக்கிறது என்று கேட்டிருப்பான். வணக்கமும் விஷயமும் ஒரே மெசேஜில் போக வேண்டும்.

*

இந்த மெசேஜை அப்படியே ஜெராக்ஸ் எடுத்து எல்லோருக்கும் அனுப்பிவிடாதீர்கள். அந்த மூன்று விஷயக் கணக்கை ஆளுக்கு ஆள் புதிதாகப் போட வேண்டும்.

பக்கத்து சீட் பையனுக்கு, "மாப்ளே, ஜனவரி பில் ஃபைல் உன்கிட்ட இருக்கா? மூணு மணிக்குள்ள கிடைச்சா போதும்டா" என்பதே மரியாதை. அவனிடம் போய் "தாங்கள் அனுப்பித் தர இயலுமா?" என்றால், "என்னடா, எம்மேல கோபமா?" என்று டீக்கடைக்கு இழுத்துக்கொண்டு போவான். முதலாளிக்கு, "சார், ஸ்டேட்மென்ட் தயார். உங்க கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. நாளைக்குப் பதினோரு மணிக்குக் கொண்டு வரலாமா?" அங்கே அவர் செய்ய வேண்டியதைச் சொல்லாமல், நான் செய்யப்போவதற்கு அனுமதி கேட்கிறேன்.

மரியாதையே கூடாத நேரமும் உண்டு. களத்தில் நெல் காய்கிறது, கிழக்கே கறுத்துக்கொண்டு வருகிறது. அப்போது "வணக்கம் அண்ணே, உங்களுக்கு வேலை இருக்கும்னு தெரியும்..." என்று ஆரம்பித்தால் நெல் முளைத்துவிடும்! "மழை! படுதா போடுங்க!" அவ்வளவுதான். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், ஏனென்றால் அவசரம் எல்லோருக்கும் பொது. என் ஸ்டேட்மென்ட் அவசரம் எனக்கு மட்டும்தான் தெரியும். வித்தியாசம் அங்கே இருக்கிறது.

பதமாகக் கேட்டும் பதில் வரவில்லை என்றால்? நீல டிக் விழுந்து ஒரு நாள் ஆகிவிட்டால் இரண்டாவது மெசேஜ் போடாதீர்கள். போன் செய்யுங்கள். எழுத்தில் இரண்டாம் தடவை கேட்பது எவ்வளவு பூசி மெழுகினாலும் நச்சரிப்பாகத்தான் படும். குரலில் "அண்ணே, ஞாபகப்படுத்தலாம்னு..." என்றால் அது விசாரிப்பு. அப்படியும் கெடு தாண்டினால், பதம் குறையாமல் விளைவை மட்டும் சொல்லுங்கள்: "பத்தாம் தேதி தாண்டினா சனிக்கிழமை லோடுமேன் கூலிக்குப் பணம் எடுக்க முடியாதுண்ணே." அதில் மிரட்டல் இல்லை, உண்மை இருக்கிறது.

*

சாவிக்கொத்து என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்கள்.

குரூப்பில் உடைத்ததைக் குரூப்பில்தானே ஒட்ட வேண்டும்? அன்று ராத்திரியே அதே பதினான்கு பேர் முன்னால் எழுதினேன்: "நேத்து நான் கேட்டது பேங்க்குக்குக் கொடுக்கிற ஸ்டாக் ஸ்டேட்மென்ட். குடோன் இருப்புல எந்தச் சந்தேகமும் இல்லை. அவசரத்துல தப்பா எழுதிட்டேன். தப்பு என்னுது. அண்ணன் மன்னிக்கணும்." 'புண்பட்டிருந்தால்' என்று எழுதத்தான் விரல் முதலில் போனது. நிறுத்திக்கொண்டேன். புண்பட்டிருந்தால் என்ன, சாவியையே கொண்டுவந்து வைத்துவிட்டார்! 'இருந்தால்' போட்டால் மன்னிப்பு பாதியாகிவிடும்.

அதன்பிறகு அவருக்குத் தனியாக அந்த வேண்டுகோளை அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. எனக்கு ராத்திரி தூக்கமும் இல்லை.

மறுநாள் காலை சாவிக்கொத்து மேஜை மேல் இல்லை. குடோன் பக்கம் எட்டிப் பார்த்தேன். அண்ணன் குத்தூசியை மூட்டையில் சொருகி நெல் பார்த்துக்கொண்டிருந்தார். இடுப்பில் சாவி தொங்கியது. பதினொன்றரை மணிக்கு என் போன் 'டிங்' என்றது. ரிஜிஸ்டர் பக்கத்தின் போட்டோ. மூட்டைக் கணக்கு மட்டுமா? நான் கேட்காத எடையும், ஈரத்தில் குறைந்த அந்த மூன்றரைக் கிலோ கணக்கும், தேதிவாரியாக!

கீழே அண்ணன் தட்டுத்தடுமாறி டைப் அடித்த ஒரு வரி:

"ஸ்டாக் இங்கே."